ஜெர்மனியிலிருந்து வரும் போர்டு போட்டோவை நாலு வரியில் தமிழாக்குவது

"அக்காவும் அத்தானும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஜெர்மனியில் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். எந்த போர்டைப் பார்த்தாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். நான் ஜெர்மன் பி1 வரை படித்திருக்கிறேன், வார்த்தைகள் தெரிகின்றன. ஆனால் நான் எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு 'அப்போ நிறுத்தலாமா, கூடாதா?' என்று திரும்பக் கேட்கிறார்கள். சுருக்கமாக, புரியும்படி எப்படி எழுதுவது?"

உங்கள் அத்தான் திருப்பிக் கேட்கிறாரே, அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நீங்கள் முதல் வரியில் எழுத வேண்டும். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். இந்த இடத்தில், இந்த நேரத்தில், தன்னுடைய காரை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் அவருக்கு வேண்டும். நான் ஸ்டுட்கார்ட் பக்கம் சில வருடங்கள் இருந்தேன். இப்போது இங்கே ஜெர்மன் வகுப்பு எடுக்கிறேன், மொழிபெயர்ப்பு வேலையும் செய்கிறேன். இதே மாதிரி போட்டோக்கள் பழைய மாணவர்களிடமிருந்து எனக்கும் வந்துகொண்டே இருக்கும். அதில் முக்கால்வாசி கார் நிறுத்துவது பற்றியதுதான். அதனால் அதையே ஒரு உதாரணமாக எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

இப்படி ஒரு போட்டோ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பம். மேலே நீலச் சதுரத்தில் வெள்ளை 'பி'. அதற்குக் கீழே ஒரு வெள்ளைத் தகடு. அதில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டின் படம், பக்கத்தில் '2 ஸ்டுண்டன்' என்பதன் சுருக்கம், அடியில் 'வெர்க்டாக்ஸ் 9–18'. அதற்கும் கீழே இன்னொரு தகடு: 'பெவோனர் மிட் பார்க்ஆவுஸ்வைஸ் நம்பர் 4 ஃப்ரை'. அகராதி வைத்துக்கொண்டு எழுதினால் இப்படி வரும்: "வாகன நிறுத்துமிடம். நிறுத்த வட்டு 2 மணி நேரம். வேலை நாட்களில் 9–18 மணி. நிறுத்த அட்டை எண் 4 உள்ள குடியிருப்போர் இலவசம்." ஒவ்வொரு சொல்லுக்கும் சொல் இருக்கிறது. ஆனால் படிப்பவர் மூன்று இடத்தில் தடுக்கி விழுவார்.

முதல் இடம் 'ஃப்ரை'. பி1 படித்தவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும், அதனாலேயே ஏமாற்றும். சாலைப் பலகையின் கீழ்த்தகட்டில் வரும்போது அதற்கு இலவசம் என்றோ காலி என்றோ பொருள் கிடையாது. 'மேலே சொன்ன கட்டுப்பாடு இவர்களுக்குப் பொருந்தாது' என்பதுதான் பொருள். மேலே உள்ள தகடு வட்டு வை, 2 மணி நேரம்தான் என்கிறது. கீழே உள்ள தகடு, அந்தப் பகுதியில் குடியிருந்து 4-ஆம் எண் அட்டை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த வரம்பு இல்லை என்கிறது. 'இலவசம்' என்று எழுதினால் அத்தான் என்ன நினைப்பார்? அவர்களுக்கு இலவசம் என்றால் நமக்குக் காசு போல என்று மெஷினைத் தேடிக்கொண்டு தெரு முழுக்க நடப்பார். அங்கே மெஷினே இருக்காது.

இதே தகட்டில் 'ஃப்ரை' என்ற கடைசிச் சொல் இல்லாமல், 'பெவோனர் மிட் பார்க்ஆவுஸ்வைஸ் நம்பர் 4' என்று மட்டும் இருந்தால் கதையே மாறிவிடும். அப்போது அந்த இடம் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் அங்கே நிறுத்தவே கூடாது. ஒரே ஒரு சொல் இருந்தால் நிறுத்தலாம், இல்லாவிட்டால் கூடாது. நான் அங்கே போன புதிதில், நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் அனுப்பிய படத்தில் அந்தச் சொல் இல்லை. நான் பழக்கத்தில் இருப்பதாகவே படித்துவிட்டு 'தாராளமாக நிறுத்துங்கள்' என்று சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வைப்பரில் அபராதச் சீட்டு. அன்றிலிருந்து கீழ்த்தகட்டின் கடைசிச் சொல்லை விரல் வைத்துப் படிக்கிற வழக்கம் எனக்கு வந்துவிட்டது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தகட்டின் அடி ஓரம் போட்டோவில் வெட்டுப்பட்டிருந்தால் பதிலே சொல்லாதீர்கள்.

இந்த 'ஃப்ரை' வேறு பல சாலைப் பலகைகளின் கீழ்த்தகட்டிலும் வரும், அங்கெல்லாம் பொருள் இதேதான். சிவப்பு வளையத்துக்குள் வெறும் வெள்ளையாக ஒரு வட்டப் பலகை இருந்தால் எந்த வண்டியும் உள்ளே போகக் கூடாது. அதன் கீழே 'அன்லீகர் ஃப்ரை' என்று இருந்தால், அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் மட்டுமில்லை, அவர்களைப் பார்க்க வருகிறவர்கள், அந்தத் தெருவில் உள்ள ஓட்டலுக்கோ கடைக்கோ வருகிறவர்கள் எல்லாரும் போகலாம். 'குடியிருப்போர் மட்டும்' என்று எழுதினால் அக்காவும் அத்தானும் தாங்கள் அறை எடுத்த ஓட்டலுக்கே போகாமல் வெளியே நின்றுவிடுவார்கள். நான் எழுதுவது: "இந்தத் தெருவுக்குள்ளேயே வேலை இருந்தா போகலாம். குறுக்கு வழியா அடுத்த பக்கம் போறதுக்கு நுழையக் கூடாது."

இரண்டாவது இடம் 'வெர்க்டாக்ஸ்'. இதில் 'வேலை' இருக்கிறது, 'நாள்' இருக்கிறது. ஆகவே 'வேலை நாட்களில்' என்று எழுதத் தோன்றும். ஐடி கம்பெனியில் இருக்கும் அத்தானுக்கு வேலை நாள் என்றால் திங்கள் முதல் வெள்ளி. ஜெர்மனியில் இந்தச் சொல்லில் சனிக்கிழமையும் அடக்கம். ஞாயிறும் அரசு விடுமுறையும் தவிர மற்ற எல்லா நாளும் 'வெர்க்டாக்'. சனிக்கிழமையை விலக்க வேண்டும் என்றால் போர்டிலேயே திங்கள்–வெள்ளி என்று கிழமைச் சுருக்கம் போட்டிருப்பார்கள். அதனால் இந்தச் சொல்லை 'வேலை நாள்' என்றோ 'வார நாள்' என்றோ மாற்றவே மாற்றாதீர்கள். 'திங்கள் முதல் சனி வரை' என்று எழுதுங்கள். அதைவிட நல்லது, இன்று என்ன கிழமையோ அதைப் பார்த்து 'இன்னிக்கு சனி, அதனால இது பொருந்தும்' என்று எழுதிவிடுவது.

மூன்றாவது அந்த வட்டு. ஜெர்மனில் 'பார்க்ஷைபெ' என்பார்கள். நீல அட்டையில் ஒரு கடிகார முகம், திருப்பினால் நேரம் மாறும். வாடகைக் காரில் பெரும்பாலும் டாஷ்போர்டு அறையிலோ கதவுப் பையிலோ கிடக்கும். இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கில் கிடைக்கும். அதை வைக்கிற விதம் நம் ஊரில் யாருக்கும் பழக்கமில்லாதது: வந்து சேர்ந்த நேரத்தை அப்படியே வைக்கக் கூடாது, அதற்கு அடுத்து வரும் அரை மணிக் கோட்டில் வைக்க வேண்டும். 2.10-க்கு வந்தால் 2.30-ல். 2.40-க்கு வந்தால் 3-ல். அனுமதித்த 2 மணி நேரம் அந்தக் கோட்டிலிருந்துதான் கணக்கு. நேரம் முடிந்ததும் வந்து, காரை எடுக்காமல் வட்டை மட்டும் முன்னே திருப்பி வைப்பது தப்பு. வட்டு வைக்காமல் விட்டாலும் அபராதம்தான். 2021 நவம்பரில் உயர்த்திய கட்டணப்படி அது 20 யூரோவில் தொடங்கி, நின்ற நேரத்தைப் பொறுத்து ஏறும்.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. 'பார்க்ஷைபெ' என்பது இந்த வட்டு. 'பார்க்ஷைன்' என்பது மெஷினில் காசு போட்டு எடுக்கும் சீட்டு. ஜெர்மன் எழுத்தில் இரண்டும் முதல் ஒன்பது எழுத்து வரை ஒன்றே, வால்தான் வேறு. மங்கலான போட்டோவில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வட்டின் படம் இருந்தால் சந்தேகமில்லை, காசு வேண்டாம். சொல் மட்டும் இருந்து, வால் சரியாகத் தெரியவில்லை என்றால், பக்கத்தில் மெஷின் நிற்கிறதா என்று அத்தானையே பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அதே போட்டோவுக்கு, சனிக்கிழமை மதியம் 2.40-க்கு வந்து நிற்கும் அத்தானுக்கு நான் அனுப்புவது இதுதான்: "நிறுத்தலாம் அத்தான். காசு கிடையாது. நீல வட்டை 3 மணியில வெச்சு, முன் கண்ணாடிக்குள்ள வெளியில இருந்து தெரியற மாதிரி வைங்க. 5 மணிக்குள்ள எடுத்துடுங்க." அவ்வளவுதான். 4-ஆம் எண் அட்டை பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அவருக்குச் சம்பந்தமில்லாதது. 9–18 என்பதும் இல்லை, ஏனென்றால் அந்த நேரத்துக்குள்தான் அவர் நிற்கிறார். அவரே மாலை 5.10-க்கு வந்திருந்தால் செய்தி வேறு: "வட்டை 5.30-ல வைங்க. 6 மணிக்கு மேல கட்டுப்பாடு இல்லை, நாளைக்கு ஞாயிறு, அதனால திங்கள் காலை 9 மணி வரைக்கும் கவலை இல்லை." போர்டு அதேதான், பதில் வேறு. 18 என்பதை 6 என்று மாற்றியதையும் கவனியுங்கள்.

வரிகளின் வரிசைக்கும் காரணம் உண்டு. தமிழில் வினை கடைசியில் வருவதால், 'அட்டை வைத்திருக்கும் குடியிருப்போரைத் தவிர மற்றவர்கள் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை' என்று நீட்டிக்கொண்டே போனால், 'நிறுத்தலாம்' வருவதற்குள் பின்னால் வரும் கார்க்காரர் ஹாரன் அடித்துவிடுவார். அதனால் 'நிறுத்தலாம்', 'நிறுத்தக் கூடாது', 'போகலாம்', 'திரும்பிப் போங்க' என்று முடிவை முதலில் தனி வாக்கியமாக வையுங்கள். அப்புறம் என்ன செய்ய வேண்டும், கடைசியில் எத்தனை மணி வரை. 'வாகனங்களை நிறுத்துவது தடை செய்யப்பட்டுள்ளது' என்பது நம் ஊர்ச் சுவருக்குப் பொருந்தும், அத்தானுக்கு அனுப்பும் செய்திக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்று: நீங்கள் எழுதுவதை அத்தான் தன் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பப் போகிறார் என்றால், 'இன்னிக்கு', '5 மணிக்குள்ள' என்று எழுதக் கூடாது, எதையும் விடவும் கூடாது. யார் எப்போது படிப்பார் என்று தெரியாதபோது முழுப் போர்டையும்தான் தர வேண்டும்: "வட்டு வைத்து 2 மணி நேரம் நிறுத்தலாம் (திங்கள்–சனி, காலை 9 – மாலை 6). 4-ஆம் எண் குடியிருப்போர் அட்டை இருந்தால் நேர வரம்பு இல்லை."

சில சொற்களை மொழிபெயர்த்துவிட்டு அசலைத் தூக்கி எறியக் கூடாது. 'உம்லைடுங்' என்று மஞ்சள் அம்புப் பலகை வந்தால் 'மாற்றுப் பாதை' என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்த முக்கிலும் அவர் அந்த எழுத்தைத்தான் தேட வேண்டும். "மாற்றுப் பாதை. இதே சொல் போட்ட மஞ்சள் பலகை எங்கெங்கே வருதோ அது வழியாவே போங்க" என்று எழுதினால் பயன்படும். ரயில் நிலைய அறிவிப்பிலும் இப்படித்தான். பணி நடப்பதால் ரயில் இல்லை, பதிலுக்குப் பேருந்து என்பதை அங்கே 'எஸ்இவி' என்று மூன்றெழுத்தில் சுருக்கிப் போடுவார்கள். பேருந்து நிற்கும் இடத்திலும் அந்த மூன்றெழுத்துதான் இருக்கும். அறிவிப்பில் 'அன்பார்ந்த பயணிகளே' தொடங்கி வருத்தம் தெரிவிப்பது வரை பத்து வரி இருந்தாலும், அக்காவுக்கு வேண்டியது: "ரயில் இல்லை, பதிலுக்கு பஸ் விட்டிருக்காங்க. ஸ்டேஷன் வாசல்ல எஸ்இவி போர்டு இருக்கிற இடத்துல ஏறுங்க." வாசலா பின்புறமா என்பதை மட்டும் அறிவிப்பில் இரண்டு தடவை படித்துவிட்டு எழுதுங்கள்.

இனி, எது நிச்சயம், எது சந்தேகம் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அரசு வைத்த பலகைகளில் சில விஷயங்களை நிச்சயமாகச் சொல்லலாம். கீழ்த்தகடு தனக்கு நேர் மேலே இருக்கும் பலகைக்குத்தான் சொந்தம். ஒரே கம்பத்தில் மேலே வேக வரம்பும், அதற்குக் கீழே 'முந்தக் கூடாது' பலகையும், அதனடியில் 'லாரி' படத் தகடும் இருந்தால், அந்தத் தகடு முந்துவதை மட்டுமே கட்டுப்படுத்தும். வேக வரம்பு எல்லாருக்கும்தான். நீல வட்டத்தில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. ஒரே ஒரு சாய்கோடு என்றால் ஆள் ஏற்ற, இறக்க, சாமான் ஏற்ற, இறக்க நிற்கலாம். மற்றபடி 3 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது, காரை விட்டுவிட்டும் போகக் கூடாது. அந்த வட்டத்துக்குள் வெள்ளை அம்பு சாலையைப் பார்த்து இருந்தால் தடை அங்கே ஆரம்பிக்கிறது, சாலைக்கு எதிர்ப்புறம் பார்த்தால் அங்கே முடிகிறது. எண்களில் காற்புள்ளிதான் அங்கே தசமப் புள்ளி. 2,10 மீ என்றால் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். வேன் வாடகைக்கு எடுத்தவர் அடித்தளப் பார்க்கிங் வாசலில் நின்று அனுப்பும் போட்டோவில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

சந்தேகத்தோடு சொல்ல வேண்டியவை வேறு. இன்று அரசு விடுமுறையா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜனவரி 6 பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் விடுமுறை, பக்கத்து ஹெஸ்ஸனில் சாதாரண நாள். ஆகவே மாநில எல்லையைத் தாண்டினால் அதே 'வெர்க்டாக்ஸ்' பலகைக்கு அன்றைக்குப் பதில் மாறிவிடும். அவர் எந்த ஊரில் நிற்கிறார் என்று கேட்காமல் விடுமுறை நாளில் பதில் சொல்லாதீர்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் பார்க்கிங் பெரும்பாலும் தனியார் இடம். அங்கே போர்டு எவ்வளவு அரசுப் பலகை மாதிரி இருந்தாலும், விதி அந்த இடத்துக்காரர் போடுவது. வாடிக்கையாளருக்கு மட்டும், 90 நிமிடம், வட்டு கட்டாயம், மீறினால் இவ்வளவு என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கிறதே, வரம்பு இருக்காது என்று நாமாக ஊகிக்க முடியாது. பொடி எழுத்து போட்டோவில் தெரியாவிட்டால் "தெரியல அத்தான், வேற இடம் பாருங்க" என்பதுதான் நேர்மையான மொழிபெயர்ப்பு. கையால் எழுதி வாசலில் ஒட்டிய காகிதங்களிலும் என் அனுபவம் அதிகம் உதவுவதில்லை. ஜெர்மன் கையெழுத்தில் 1-க்கு முன்னே நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள், அது 7 மாதிரி இருக்கும். 7-க்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். நடுவில் கோடு இல்லாத 7-ஐப் பார்த்தால் அது அநேகமாக 1.

மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது காலுள்ள தற்காலிகப் பலகைகளிடம். வீடு மாற்றுகிறவர்கள், மரம் வெட்டுகிறவர்கள், படப்பிடிப்பு நடத்துகிறவர்கள் அனுமதி வாங்கி, தேதியும் நேரமும் போட்ட நிறுத்தத் தடைப் பலகையைத் தெருவோரம் வைப்பார்கள். அந்தத் தேதியில் நிலையான பலகை என்ன சொன்னாலும் இதுதான் செல்லும். அத்தான் மேலே இருக்கும் நீல 'பி'யை மட்டும் படம் எடுத்து அனுப்பினால், பத்தடி தள்ளி நிற்கும் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்றைக்குக் கட்டுப்பாடு இல்லாவிட்டாலும் நாளை மறுநாள் காலை 7 மணிக்கு ஆரம்பிக்கலாம். ரயிலேறி வேறு ஊர் சுற்றிவிட்டு வருவதற்குள் காரை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

அதனால் இனி போட்டோ வந்தால், பதில் எழுதுவதற்கு முன் இதை அனுப்பிவிடுங்கள்: "அத்தான், கம்பம் அடியிலிருந்து மேல வரைக்கும் தெரியற மாதிரி ஒண்ணு எடுங்க. கார் அதுக்கு முன்னாடி நிக்குதா பின்னாடியா, தெரியணும். இருபதடி சுத்தி வேற பலகை, கால் வெச்ச பலகை ஏதாவது இருக்கான்னு பாருங்க. எந்த ஊர், எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு சொல்லுங்க. படத்தை டாக்குமென்ட்டா அனுப்புங்க, அப்பத்தான் எழுத்து உடையாது."